திருவண்ணாமலை ‘திருவண்ணுமலே’ ஆவது ஏன்?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், நம் ஊர்ப் பெயரைப் பற்றிய செய்திதான்.

‘திருவண்ணாமலை’ என்று எழுதிப் பாருங்கள். அதில் ‘ணா’ இருக்கிறது, ‘லை’ இருக்கிறது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால் வடிவம் மாறிய பதின்மூன்று எழுத்துகளில் இவை இரண்டும் அடக்கம். பெரியார் 1935-லேயே குடிஅரசில் பயன்படுத்தத் தொடங்கிய சீர்திருத்தத்தை ஒட்டி வந்த ஆணை அது. ணா, றா, னா மூன்று. ணை, லை, ளை, னை நான்கு. ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறு. என் வயதுக்காரர்கள் பழைய வடிவத்தில்தான் எழுதப் பழகினோம். ‘ணா’வுக்குத் தனியாகத் துணைக்கால் கிடையாது, எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். ‘லை’க்கு முன்னால் இணைக்கொம்பு வராது, யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு தலையில் ஒட்டியிருக்கும்.

இப்போது ஏன் இந்தக் கதை? என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பார்வையற்றவர். நம் மாவட்டத்துச் சமணத் தடயங்களைப் பற்றி ஆய்வு செய்கிறார். போளூர் பக்கத்துத் திருமலை தெரியுமல்லவா? குந்தவை ஜினாலயம், சுமார் 16 அடி உயர நேமிநாதர் சிலை எல்லாம் இருக்கிற ஊர். இந்த விஷயத்துக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ (1954) படிக்காமல் முடியாது. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. ஆகவே பிரதி எடுப்பதில் சிக்கல் இல்லை. பழைய அச்சின் ஸ்கேன் பிடிஎஃப் அவரிடமே இருந்தது. ஆனால், “ஐயா, இது வெறும் படம். கம்ப்யூட்டர் ஒரு எழுத்துகூட வாசிக்க மாட்டேங்குது” என்றார்.

அவருடைய கணினி திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படிக்கும். எழுத்து எழுத்தாக இருந்தால்தான் படிக்கும், படமாக இருந்தால் படிக்காது. நாமென்றால் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் கண்ணால் ஊகித்துப் படித்துவிடுவோம். அவருக்குக் காதில் விழுவதுதான் நூல். ‘என்றார்’ என்பது ‘என்ருர்’ ஆக இருந்தால் அப்படியேதான் கேட்கும். மேற்கோள் காட்டினால் அப்படியேதான் ஆய்வேட்டில் ஏறும். ஆகவே இந்த வேலையை ஏனோதானோ என்று செய்ய முடியாது.

இதற்கு நான் பயன்படுத்துவது டெசராக்ட் என்ற மென்பொருள். எச்.பி. நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவானது. 2005-ல் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 2018-ல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து ஒரு வரியை முழுதாகப் பார்த்து எழுத்துகளை அடையாளம் காணும் முறை வந்தது. தமிழுக்கு அதுதான் பெரிய மாற்றம். விலை இல்லை. இணையம் இல்லாமலே நம் கணினியில் ஓடும்.

உபுண்டுவில் நிறுவுவது ஒரே வரி:

```
sudo apt install tesseract-ocr tesseract-ocr-tam poppler-utils
tesseract --list-langs
```

முதல் வரியில் உள்ள `tesseract-ocr-tam` என்பதை விட்டுவிடக் கூடாது. மென்பொருள் வேறு, மொழித்தரவு வேறு. மென்பொருளை மட்டும் நிறுவினால் அதற்கு ஆங்கிலம்தான் தெரியும். இரண்டாவது வரி, எந்தெந்த மொழி வந்திருக்கிறது என்று காட்டும். பட்டியலில் `tam` இருக்க வேண்டும். `ta` என்று இரண்டெழுத்தில் கொடுத்தால் ஏற்காது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் மன்ஹைம் பல்கலைக்கழக நூலகம் வெளியிடும் நிறுவியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது `Additional language data` என்ற வரியை விரித்து, அதில் தமிழுக்கு டிக் போட வேண்டும். அது தானாக டிக் ஆகி இருக்காது.

மொழித்தரவு சரியாக அமரவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அறிகுறிகள். `Failed loading language 'tam'` என்று வந்தால் கோப்பே அங்கே இல்லை, அல்லது கெட்டுப்போயிருக்கிறது. பிழை எதுவும் வராமல், வெளியே வந்த கோப்பு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக இருந்தால், கட்டளையில் `-l tam` சேர்க்கவில்லை என்று பொருள். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தாக நினைத்துப் படித்திருக்கிறது.

உபுண்டு தருவது வேகமாக ஓடுவதற்காகச் சுருக்கிய தரவு. கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, துல்லியம் வேண்டும் என்றால் `tessdata_best` தொகுப்பிலிருந்து எடுக்கலாம்:

```
mkdir -p ~/tessdata && cd ~/tessdata
wget https://github.com/tesseract-ocr/tessdata_best/raw/main/tam.traineddata
```

இதை உலாவியில் வலது பக்கம் கிளிக் செய்து சேமிக்கும்போது பல நேரம் கோப்புக்குப் பதிலாக அந்த இணையப் பக்கமே அதே பெயரில் வந்து உட்கார்ந்துவிடும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. அளவைப் பாருங்கள். உண்மையான கோப்பு எம்பி கணக்கில் இருக்கும். கேபி கணக்கில் இருந்தால் அது இணையப் பக்கம்.

அடுத்தது பக்கங்களைப் படமாகப் பிரிப்பது. 41-ஆம் பக்கத்தை மட்டும் முதலில் எடுத்துச் சோதிக்கலாம்:

```
pdfimages -list book.pdf
pdftoppm -r 300 -gray -png -f 41 -l 41 book.pdf pg
tesseract pg-041.png pg-041 -l tam --tessdata-dir ~/tessdata
```

முதல் வரி எதற்கு என்றால், ஸ்கேன் உண்மையில் எவ்வளவு நுணுக்கமானது என்று பார்க்க. `x-ppi` என்ற இடத்தில் 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 100, 150 என்று இருந்தால் இரண்டாவது வரியில் 300 போட்டு எடுத்தாலும் படம் பெரிதாகுமே தவிர, தெளிவாகாது. மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும். ‘கல்’ எல்லாம் ‘கல’ ஆகி வந்தால் காரணம் மென்பொருள் அல்ல, ஸ்கேன்தான். முடிந்தால் அந்தப் பக்கங்களை மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள்.

மூன்றாவது வரி முடிந்ததும் `pg-041.txt` என்ற கோப்பு வரும். திறந்து பார்த்தால் பெரும்பகுதி சரியாகவே இருக்கும். ஆனால் பழைய அச்சு என்றால் கண்ணில் குத்துகிற சில சொற்கள் இருக்கும்: ‘என்ருர்’, ‘இருக்கின்ருன்’, ‘ஆஞல்’, ‘அதஞல்’, ‘இல்லே’, ‘மலே’. நம் ஊர் ‘திருவண்ணுமலே’. அருணாசலம் ‘அருணுசலம்’.

இது கண்டபடி வரும் பிழை இல்லை. டெசராக்டுக்குத் தமிழ் கற்பித்தது கணினி எழுத்துருக்களால் உருவாக்கிய வரிகளைக் காட்டித்தான். கணினி எழுத்துருக்களில் கிட்டத்தட்ட எல்லாமே புதிய வடிவம். பழைய ‘றா’வைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்தவற்றில் எது அதற்கு நெருக்கம் என்று தேடுகிறது, கீழே சுழித்திருப்பதால் ‘ரு’ என்கிறது. ‘ணா’ ‘ணு’ ஆகிறது. ‘னா’ சில இடத்தில் ‘ஞ’, சில இடத்தில் ‘னு’. துதிக்கை போட்ட லை, னை, ணை, ளை பெரும்பாலும் லே, னே, ணே, ளே ஆகின்றன. பிழை ஒரே மாதிரி வருவதால் ஒரே மாதிரி திருத்தவும் முடியும். யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான் என்பதால், திருத்திவிட்டால் வேறு எந்த மாற்றமும் தேவையில்லை.

ஆனால் எல்லா ‘ரு’வையும் ‘றா’ ஆக்கினால் ‘திருமலை’ ‘திறாமலை’ ஆகிவிடும். எங்கே மாற்றலாம், எங்கே கூடாது? இங்கேதான் நம் தமிழ் ஐயாக்கள் நடத்திய இலக்கணம் வேலைக்கு வருகிறது.

மெய்ம்மயக்கம் படித்தது நினைவிருக்கிறதா? ஒரு சொல்லுக்குள் ‘ன்’ என்ற மெய்க்குப் பின் ‘ர’ வரிசை வராது. ‘ற’ வரிசைதான் வரும். ‘ற்’ என்ற மெய்க்குப் பின்னும் ‘ர’ வராது. ஆகவே ‘ன்ரு’, ‘ற்ரு’ என்று பார்த்தாலே அது தமிழ் இல்லை, பிழை. ஆனால் அங்கே இருந்தது ‘றா’வா, ‘று’வா? ‘ஒன்று’ என்பதைக்கூட மங்கலான அச்சில் ‘ஒன்ரு’ என்று படிக்கும். அதனால் அடுத்த எழுத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் ல், ர், ன் என்று மெய் வந்தால் அது என்றால், என்றார், நின்றான் போன்ற சொல்தான். அங்கே தயங்காமல் ‘றா’ போடலாம். ‘ள்’ வந்தால் மட்டும் பொறுக்க வேண்டும். ‘சென்ருள்’ என்பது ‘சென்றாள்’ ஆகவும் இருக்கலாம், ‘சென்றுள்ளார்’ என்பதன் பாதியாகவும் இருக்கலாம்.

‘ஞ’வுக்கும் இப்படித்தான். ‘சொன்ஞர்’, ‘முன்ஞல்’ என்று ‘ன்’னுக்குப் பின் ‘ஞ’ வந்து அதற்குப் பின் மெய் வந்தால் அது ‘னா’. ‘ஞல்’ என்பதும் உரைநடையில் ‘னால்’தான். ஆனால் ‘ஞர்’ என்பதைத் தொடாதீர்கள். ‘பாடிஞர்’ என்பது ‘பாடினார்’. ‘கவிஞர்’ என்பது கவிஞரேதான். இரண்டுக்கும் முன்னால் இகரம். எந்த விதியும் இவற்றைப் பிரிக்காது, ஆள்தான் பிரிக்க வேண்டும்.

கடினமானது லே, னே கூட்டம். ‘அவனே கண்டான்’ என்பது நல்ல தமிழ். ‘அவனைக் கண்டான்’ என்பதும் நல்ல தமிழ். பொருள் மட்டும் தலைகீழ். கண்டவன் யார், காணப்பட்டவன் யார் என்பதே மாறிவிடும். வரலாற்று நூலில் இது சின்ன விஷயமா? அரசனைத் தோற்கடித்தான் என்பதும் அரசனே தோற்கடித்தான் என்பதும் ஒன்றா?

இதற்கும் ஒரு துப்பு உண்டு. இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ வெளிப்படையாக வந்தால் பின்னால் வல்லினம் மிகும். ஏகாரத்துக்குப் பின் மிகாது. எனவே மென்பொருள் ‘அவனேக் கண்டான்’ என்று எழுதினால், நடுவில் நிற்கிற அந்த ‘க்’ சாட்சி சொல்கிறது: அது ‘அவனே’ இல்லை, ‘அவனை’. அந்தக் காலத்து அச்சில் ஒற்றுப் போடுவதில் கவனமாக இருந்தார்கள். ஒற்று மிகுமிடம், மிகா இடம் எதற்கு என்று வகுப்பில் கேட்ட பிள்ளைகளுக்கு இதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

இந்த விதிகளை `fix.sed` என்ற கோப்பில் எழுதி வைத்தேன்:

```
s/(ன்|ற்)ரு(ல்|ர்|ன்)/\1றா\2/g
s/ன்ஞ(ல்|ர்|ன்|ள்)/ன்னா\1/g
s/ஞல்/னால்/g
s/(ன|ண|ல|ள)ே(க் க|ச் ச|த் த|ப் ப)/\1ை\2/g
s/திருவண்ணுமல(ே|ை)/திருவண்ணாமலை/g
s/அருணுசல/அருணாசல/g
```

நான்காவது வரியில் கொம்பு தனியாக நிற்பதுபோல் திரையில் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு வரிகள் நம் ஊருக்கு. உங்கள் நூலில் அடிக்கடி வரும் ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை இப்படி நீங்களும் சேர்த்துக்கொள்ளலாம். இதை ஓட்டுவது:

```
sed -E -f fix.sed pg-041.txt > pg-041-ok.txt
```

மூலக் கோப்பு அப்படியே இருக்கும், திருத்தியது வேறு கோப்பில் வரும். ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்து மென்பொருள் முதலில் என்ன படித்தது என்று பார்க்கலாம். அதனால் மூலத்தின் மேலேயே திருத்தம் எழுதாதீர்கள்.

விதிக்கு அகப்படாதவை மிஞ்சும். ‘மலே’, ‘தலே’, ‘இல்லே’ இவற்றின் பின்னால் எப்போதும் ஒற்று வந்து சாட்சி சொல்லாது. அவற்றைத் தேட முழு நூலையும் வரிவரியாகப் படிக்க வேண்டியதில்லை. எல்லாப் பக்கங்களிலும் திருத்தம் ஓட்டி முடித்த பிறகு இது போதும்:

```
cat *-ok.txt | grep -oE '[^ ]*(னே|ணே|லே|ளே)[^ ]*' | sort | uniq -c | sort -nr
```

சந்தேகத்துக்குரிய சொல் ஒவ்வொன்றும், எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு பட்டியலாக வரும். அதிகம் வந்தது மேலே. பட்டியலில் ‘மலே’ என்றிருந்தால் அது எங்கும் ‘மலை’தான், ஒரே மாற்றம் போதும். ‘திருமலே’ அப்படியே. ‘மேலே’, ‘உள்ளே’, ‘முன்னே’ இவற்றை விட்டுவிடலாம். ‘அவனே’, ‘அரசனே’ போன்றவற்றுக்கு மட்டும் பக்கத்தைத் திறந்து படத்தைப் பார்க்க வேண்டும். இதேபோல் ‘ணு’ உள்ள சொற்களையும் பட்டியல் எடுங்கள். ‘கண்ணுடி’ ‘கண்ணாடி’ ஆகும், ‘கண்ணுக்கு’ கண்ணுக்கேதான்.

விதி எவ்வளவு கவனமாக எழுதினாலும் தப்பும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய நூல்களில் ‘பிளேக்’ நோய் அடிக்கடி வரும். ‘பிளேக் காய்ச்சல்’ என்று ஒரு வரி இருந்தால் என் நான்காவது விதி அதைப் ‘பிளைக் காய்ச்சல்’ ஆக்கிவிடும். விதிக்குத் தமிழ் இலக்கணம் தெரியும், இங்கிலீஷ் நோய் தெரியாது. அதே போல் ஒரு வரியின் முடிவில் ‘அவனேக்’ என்று முடிந்து அடுத்த வரி ‘கண்டான்’ என்று தொடங்கினால் விதி அதைப் பிடிக்காது. மேலே சொன்ன பட்டியலில்தான் அது அகப்படும்.

வேறு சில இடங்களில் விதியே உதவாது. கல்வெட்டு வரிகளை நூலாசிரியர்கள் அப்படியே எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பழந்தமிழில் ஒற்று இருக்காது, இன்றைய எழுத்துமுறையும் இருக்காது. அங்கே மேற்சொன்ன திருத்தங்களை ஓட்டினால் மூலத்தையே மாற்றிவிடுவோம். கல்வெட்டு, செய்யுள், அடிக்குறிப்பு வரும் பக்கங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதே வழி. ஆங்கிலம் கலந்த அடிக்குறிப்புக்கு `--tessdata-dir ~/tessdata` என்பதை விட்டுவிட்டு `-l tam+eng` என்று கொடுக்கலாம். தமிழ் மட்டும் உள்ள பக்கத்துக்கு அதைக் கொடுக்க வேண்டாம். காகிதக் கறையைக்கூட ஆங்கில எழுத்தாகப் படித்து வைக்கும்.

என் மாணவருக்கு முதலில் கொடுத்தது நூலிலிருந்து நம் மாவட்டத்தைத் தொடும் பக்கங்கள். நூல் வந்த காலத்தில் திருவண்ணாமலை மாவட்டம் கிடையாது, 1989-ல்தான் பிரிந்தது. ஆகவே அவர் தேட வேண்டியது ‘வட ஆர்க்காடு’. அதையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேசினார்.

“ஐயா, திருமலைன்னு தேடினா வருது. ஆனா ஒரு இடத்துல ‘மாருத’ன்னு கேக்குது. அது மாறாதவா, மாருதமா?”

படத்தைப் பார்த்தேன், ‘மாறாத’. உயிர்மெய்க்குப் பின் வரும் ‘ரு’, என் விதி தொடாத இடம். அவர் காது பிடித்துவிட்டது. இப்போது இப்படி ஏற்பாடு: அவர் கேட்கும்போது பொருள் இடறும் இடத்தைக் குறித்துச் சொல்வார், நான் படத்தைப் பார்த்துத் திருத்துவேன். விதி எட்டாத இடத்தை அவர் காதும் என் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் 1978-க்கு முந்திய புத்தகம் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து ஓட்டிப் பாருங்கள். ‘ன்ரு’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். நிறைய வந்தால் பழைய அச்சு, இந்த `fix.sed` உதவும். வராமல் வேறு மாதிரி பிழை வந்தால் அந்தச் சொற்களை இங்கே எழுதுங்கள். எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று சேர்ந்து பார்ப்போம். அதற்கும் நன்னூலில் ஒரு விதி அகப்படலாம்.